இரண்டு நொடி போன் வெளிச்சம், ஆறு நிமிடக் குருட்டுத்தனம்: கண் இருளுக்குப் பழக ஏன் இவ்வளவு நேரம்?

வானோடி எழுதியது:

தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை, நண்பர்கள் நால்வர் ஜவ்வாது மலைக்குத் தொலைநோக்கியோடு போயிருந்தோம். பகல் முழுக்க வெயில். இருட்டிய பிறகும் வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் நின்றுதான் தாங்கியைப் பூட்டினோம். 7.40-க்கு விளக்கை அணைத்தோம். அதிலிருந்து நிமிடக் கணக்கைக் குறித்து வைத்தேன்.

முதல் சில நிமிடங்களில் பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே தெரிந்தன. ஏழெட்டு நிமிடம் ஆனபோது, யாரோ திரையை விலக்கியதுபோல வானம் திடீரென்று நிறைந்தது. 22-ஆவது நிமிடத்தில் ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலம் நீண்ட மங்கலாகத் தெரிந்தது. அதுவும் நேராகப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும். சற்று ஒதுங்கிப் பார்த்தால்தான் நீளம் தெரியும்.

அப்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போன் திரையை இரண்டு நொடிதான் பார்த்திருப்பேன். நிமிர்ந்தால் ஆண்ட்ரொமீடா இல்லை. மூன்று நிமிடம் கழித்து அதன் நடுப்பகுதி வந்தது, ஆறு நிமிடம் கழித்து நீளம் வந்தது.

எனக்கு இரண்டு கேள்விகள். முதலில் 22 நிமிடம் காத்திருந்தபோது கண்ணுக்குள் என்னதான் நடந்துகொண்டிருந்தது? ஒருமுறை வெளிச்சம் பட்டால் மறுபடியும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஏன் ஆறே நிமிடத்தில் திரும்பியது?

இராசேந்திரன் எழுதியது:

முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இருட்டில் கண்மணி விரிய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அடுத்து, விழித்திரையில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் வெளுத்துப்போகிறது. சூரிய மின்தகட்டில் ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதுபோல, இந்த நிறமியில் ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கிறது. நிறமி குறைந்துவிட்டால் ஒளியைப் பிடிக்க ஆள் இல்லை. மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ரோடாப்சினுக்கு வைட்டமின் ஏ தேவை. முருங்கைக்கீரையும் காரட்டும் நிறையச் சாப்பிடுங்கள், நேரம் குறையும்.

நெடுஞ்சாலை மணி எழுதியது:

நான் இருபது வருடமாக லாரி ஓட்டுகிறேன். எனக்கும் இதே தொல்லைதான். எதிரே வரும் வண்டி ஹைபீம் போட்டால் அது கடந்த பின்னும் ஐந்தாறு நொடி சாலை தெரிவதில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அதிகமாகிவிட்டது. நிறமி வெளுத்துப்போவதுதான் காரணம் என்றால் ஆறு நிமிடம் அல்லவா தெரியாமல் இருக்க வேண்டும்? ஆறு நொடியில் எப்படித் தெளிகிறது?

பவளமல்லி எழுதியது:

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இராசேந்திரன் ஐயா சொன்னதில் பாதி சரி. கண்மணியை முதலில் ஒதுக்கிவிடலாம். அது சில நொடிகளில் பெரும்பகுதி விரிந்துவிடும். குறுக்களவு 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டருக்குப் போனாலும் பரப்பு 16 மடங்குதான் கூடுகிறது. வெயிலிலிருந்து முழு இருளுக்குப் பழகும்போது கண்ணின் உணர்திறன் இலட்சம் மடங்கு அளவில் உயர்கிறது. பதினாறை வைத்துக்கொண்டு இலட்சத்தை விளக்க முடியாது.

அடுத்து மின்தகடு. இங்கேதான் கண் நம் எதிர்பார்ப்பைத் தலைகீழாக்குகிறது. விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தைப் பிடிப்பவை குச்சி செல்கள். அவற்றில் மின்னோட்டம் ஓடுவது இருட்டில்தான். குச்சி செல்லின் வெளிமுனைச் சவ்வில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு அவற்றைத் திறந்து பிடித்திருக்கும்வரை சோடியமும் கால்சியமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் அருகே நிற்கிறது. அந்த நிலையில் அது அடுத்த செல்லுக்குக் குளுட்டமேட்டை ஓயாமல் விட்டுக்கொண்டே இருக்கிறது. இருட்டில் நம் கண் ஓய்வெடுக்கிறது என்று நினைக்கிறோம். குச்சி செல் அதிகம் உழைப்பது அப்போதுதான்.

ஒளி என்ன செய்கிறது? ரோடாப்சினுக்குள் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு முழங்கால் மடித்து உட்கார்ந்திருப்பதுபோல வளைந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது அதுதான். ஒரு ஃபோட்டான் அதில் பட்டதும் அது காலை நீட்டிவிடுகிறது. கண்ணில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை இந்த ஒன்று மட்டுமே. நீட்டிய காலால் சுற்றியிருக்கும் ஆப்சின் புரதத்தின் வடிவம் மாறுகிறது. மாறிய புரதம் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்டியூசின் என்ற வேறு புரதங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புகிறது. எழுந்தவை ஒரு நொதியைத் தூண்டுகின்றன, அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியை வெட்டித் தள்ளுகிறது. பிடித்திருந்த கை போனதும் வாயில்கள் மூடுகின்றன. உள்வரும் ஓட்டம் குறைகிறது, மின்னழுத்தம் மைனஸ் 70 பக்கம் இறங்குகிறது, குளுட்டமேட் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் அடுத்த செல் ‘வெளிச்சம்’ என்று படிக்கிறது.

சங்கிலி இவ்வளவு நீளமாக இருப்பதற்குப் பலன் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் பெருக்கம் நடக்கிறது. 1979-இல் பெய்லர், லாம்ப், யாவ் மூவரும் தேரையின் ஒரே ஒரு குச்சி செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். ஒற்றை ஃபோட்டான் பட்டாலே ஓட்டம் அளக்கக்கூடிய அளவு தாழ்ந்தது. கோடிக்கணக்கான ரோடாப்சின்களில் ஒன்றே ஒன்று கால் நீட்டியதற்கு அந்த விளைவு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐயாவின் மூன்றாவது கருத்துக்கு வருவோம். நிறமி பாதி வெளுத்துவிட்டது என்றே கொள்வோம். ஒளியைப் பிடிக்கும் மூலக்கூறுகள் பாதியாகின்றன. அப்படியானால் உணர்திறனும் பாதியாகத்தானே வேண்டும்? கேம்பிரிட்ஜில் ரஷ்டன், உயிருள்ள மனிதரின் விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, எவ்வளவு நிறமி திரும்பி வந்திருக்கிறது என்று கணக்கிட்டார். நிறமி 90 சதவீதம் மீண்ட பிறகும், பார்க்கத் தேவையான ஒளி முழு இருளுக்குத் தேவையானதைப்போல ஏறத்தாழ நூறு மடங்காக இருந்தது. பத்தில் ஒரு பங்கு ஆள் குறைந்ததற்கு நூறு மடங்கு இழப்பு என்றால், ஆள் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது.

வெளுத்த மூலக்கூறுகள் வெறுமனே இல்லாமல் போகவில்லை. அவை இருந்துகொண்டு தொந்தரவு செய்கின்றன. ரெட்டினால் கழன்றுபோன வெற்று ஆப்சினும் டிரான்ஸ்டியூசினை மிக மெல்லத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒளி பட்ட ரோடாப்சினோடு ஒப்பிட்டால் அதன் வலு பல இலட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் ஒரு குச்சி செல்லில் சுமார் 10 கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கோடி வெற்றாக நின்று முணுமுணுத்தால், இருட்டிலும் அந்தச் செல்லுக்கு மங்கலான வெளிச்சம் விழுந்துகொண்டிருப்பதுபோலவே இருக்கும். வாயில்கள் ஓரளவு மூடியே கிடக்கும். 1932-லேயே ஸ்டைல்ஸும் கிராஃபோர்டும், வெளிச்சம் பட்ட கண், உண்மையில் இல்லாத ஒரு பின்னணி ஒளியைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல நடந்துகொள்கிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். மூலக்கூறு தெரியாத காலத்திலேயே விளைவைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

வானோடி தம்பி, நீங்கள் 22 நிமிடம் காத்திருந்தது இந்தப் பொய் வெளிச்சம் அணைவதற்காக. வானம் அப்போதும் அதே இருட்டுதான். உங்கள் விழித்திரைக்குத்தான் இன்னும் பொழுது சாயவில்லை.

இராசேந்திரன் எழுதியது:

அம்மா, மின்தகடு உவமையை விட்டுவிடுகிறேன். இருட்டில் ஓடும் மின்னோட்டம் என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் ஒரு கேள்வி. வெற்று ஆப்சினை மூடி வாயடைக்க ஒரு ரெட்டினால் வந்து உட்கார்ந்தால் போதும். மூலக்கூறு அளவில் அது நொடிக்கும் குறைவான வேலையாக இருக்க வேண்டும். அதற்கு ஏன் அரை மணி நேரம்?

பவளமல்லி எழுதியது:

இந்த இழையின் சரியான கேள்வி இதுதான் ஐயா.

நீட்டிய காலைக் குச்சி செல்லால் தானே மடக்கிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டறை அடுத்த வீட்டில் இருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒற்றை அடுக்காக நிறமிப் படலம் ஒன்று ஒட்டிக்கிடக்கிறது. நீண்ட ரெட்டினால் ஆப்சினிலிருந்து கழன்று, ஆல்கஹாலாக மாறி, செல்லுக்கு வெளியே வந்து, இடைவெளியைக் கடந்து நிறமிப் படலத்துக்குள் போகிறது. அங்கே கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஆர்பிஇ65 என்ற நொதியின் கையில் மறுபடி மடக்கப்பட்டு, ஆல்டிஹைடாக மாற்றப்பட்டு, வந்த வழியே திரும்புகிறது. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் நீர் நிறைந்த இடைவெளியைத் தனியாகக் கடக்கவும் முடியாது. சுமந்து செல்லப் புரதம் வேண்டும். ஆர்பிஇ65 மிகவும் நிதானமாக வேலை செய்யும் நொதி.

இதை முதலில் காட்டியது ஹைடெல்பெர்க்கில் இருந்த கியூனே. 1876-இல் போல் என்பவர் தவளையின் விழித்திரை இருட்டில் சிவப்பாக இருப்பதையும் வெளிச்சத்தில் வெளுப்பதையும் கண்டு எழுதினார். கியூனே அதைத் தொடர்ந்தார். விழித்திரையைத் தனியாக உரித்து எடுத்து வெளுக்கவிட்டால் நிறம் திரும்பவில்லை. அதையே பின்னிருக்கும் நிறமிப் படலத்தின் மேல் மறுபடி படியவிட்டு இருட்டில் வைத்தால் சிவப்பு திரும்பியது. நொதிகளின் பெயர் எதுவும் தெரியாத காலத்தில், இரண்டு படலங்களைப் பிரித்துச் சேர்த்தே பட்டறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மாணவர்களுக்கு இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆக, உட்காரும் வேலை நொடியில் முடிகிறது. வண்டி வந்து சேர்வதற்குத்தான் நேரம். 2004-இல் லாம்பும் பியூவும் பழைய அளவீடுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, மடங்கிய ரெட்டினால் வந்து சேரும் வேகமே நேரத்தைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார்கள். குச்சி செல்கள் மீளும் கட்டத்தில் பார்ப்பதற்குத் தேவையான ஒளி நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இளைஞர்களின் கண்ணில் இந்தச் சரிவு பெரிதாக மாறுவதில்லை. கடைசிப் பகுதியில் அது இன்னும் மெதுவாகி இழுக்கிறது. முழு இருளுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகலாம்.

தம்பி ஏழெட்டு நிமிடத்தில் பார்த்த ‘திரை விலகல்’ வேறொன்று. அதுவரை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பகல் பார்வைக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்களால். அவை வேகமாக மீண்டுவிடும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் கூர்மையாகாது. குச்சிகள் மெதுவாக மீண்டுவந்து, ஒரு கட்டத்தில் கூம்புகளை முந்திவிடுகின்றன. முந்தும் அந்த நிமிடத்தில்தான் வானம் நிறையும். நிறங்கள் போவதும் ஒதுங்கிப் பார்த்தால் நன்றாகத் தெரிவதும் அதற்குப் பிறகுதான். நாம் நேராகப் பார்க்கும் புள்ளியில் குச்சி செல்களே கிடையாது.

கூம்புகள் ஏன் வேகமாக மீள்கின்றன? அவற்றின் நிறமி சீக்கிரம் திரும்புகிறது. விழித்திரைக்கு உள்ளேயே இருக்கும் முல்லர் செல்கள் கூம்புகளுக்குத் தனியாக ரெட்டினால் தருகின்றன என்பதற்கு விலங்குகளில் நல்ல சான்று இருக்கிறது. மனிதக் கண்ணில் அந்த வழி எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை.

காரட் விஷயம்: உடலில் வைட்டமின் ஏ போதாமல் மாலைக்கண் வந்தவருக்குக் கீரையும் காரட்டும் மருந்துக்குச் சமம். போதுமான இருப்புள்ளவர் எவ்வளவு சாப்பிட்டாலும் அது கல்லீரலில் சேருமே ஒழிய, ஆர்பிஇ65 வேகம் பிடிக்காது.

மணி தம்பிக்கு: உங்கள் தொல்லை வேறு. இரவுச் சாலையில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கூம்புகளால். எதிர் விளக்கின் ஒளி கண்ணுக்குள் சிதறிப் பரவுவதும், கூம்புகள் சில நொடி திணறுவதும்தான் அந்த ஐந்தாறு நொடி. நாற்பத்தைந்துக்கு மேல் கூடுகிறது என்றால் கண்வில்லையில் மங்கல் தொடங்கியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நெடுஞ்சாலை மணி எழுதியது:

நன்றி அம்மா. அடுத்த நடை முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் காட்டுகிறேன்.

தென்றல் எழுதியது:

அம்மா எழுதிய ‘வண்டி வந்து சேரும் நேரம்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். என் தம்பியின் கதையே அதுதான்.

சிறு வயதிலிருந்து அவன் இருட்டில் தடுமாறுவான். மின்வெட்டு வந்தால் நாங்கள் எல்லோரும் பத்து நிமிடத்தில் நடமாடத் தொடங்கிவிடுவோம். அவன் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால், விளக்கே போடாமல் கிணற்றடிவரை போய்விட்டு வருவான். இரவில் தெரியாதவனுக்கு அதிகாலை இருட்டில் மட்டும் எப்படித் தெரியும் என்று, அவன் சாக்குச் சொல்வதாகவே வீட்டில் நினைத்தார்கள். வைட்டமின் மாத்திரை மாதக் கணக்கில் கொடுத்தும் பயனில்லை. ஒரு மருத்துவமனையில் விழித்திரை நாளடைவில் முழுவதும் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பல நாள் சாப்பிடவில்லை.

பிறகு வேறொரு மருத்துவர் விழித்திரையில் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் கவனித்தார். விழித்திரையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனையை வழக்கம்போல அரை மணி இருட்டில் வைத்துச் செய்தபோது குச்சி செல்களின் அலை ஏறக்குறைய இல்லை. மருத்துவர் ஒரு கண்ணைக் கட்டி, அப்படியே தூங்கச் சொல்லி, மறுநாள் காலையில் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் கட்டை அவிழ்த்து மறுபடி எடுத்தார். அலை நன்றாக எழுந்தது. தம்பிக்கு எல்லாம் இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது, அவ்வளவுதான் என்றார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே மரபணுவின் பழுதான படி இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கலாம் என்றார்.

இதுவும் அந்தப் பட்டறையில் வரும் பழுதுதானா அம்மா?

பவளமல்லி எழுதியது:

தென்றல், படிக்கும்போதே நெஞ்சு கனத்தது. வெள்ளைப் புள்ளிகள், இரவு முழுக்கக் கட்டிய பின் எழும் அலை, சொந்தத்தில் திருமணம் மூன்றும் சேர்ந்தால் நினைவுக்கு வருவது ஃபண்டஸ் ஆல்பிபங்டேட்டஸ் என்ற விழித்திரை நோய். உங்கள் மருத்துவரும் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். பெரும்பாலும் ஆர்டிஎச்5 என்ற மரபணுவில் பழுது. மடக்கப்பட்ட ஆல்கஹாலைக் கடைசியாக ஆல்டிஹைடாக மாற்றும் நொதி அது. அந்த வேலையை வேறு நொதிகளும் கொஞ்சம் செய்வதால் பட்டறை அடியோடு நிற்பதில்லை, தவழ்கிறது.

குச்சி செல்கள் பழுதில்லாமல், ரெட்டினால் வந்து சேர்வது மட்டும் தாமதமானால் இருளுக்குப் பழகும் நேரம் அரை மணியிலிருந்து சில மணி நேரமாக நீள்கிறது. இராசேந்திரன் ஐயா கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் தேடினாலும் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. தம்பியின் அதிகாலைக் கிணற்றடியே அந்தச் சான்று.

இந்த நோயில் குச்சிகளின் பார்வை பெரும்பாலும் நிலையாக இருக்கும். சிலருக்கு வயதான பின் நடுப்பார்வையில் கூம்புகள் பாதிக்கப்படுவதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்வதை விடவேண்டாம்.

வானோடி எழுதியது:

தென்றல், உங்கள் தம்பியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

அம்மா, என் இரண்டாவது கேள்வி நிற்கிறது. ஏன் ஆறே நிமிடம்?

பவளமல்லி எழுதியது:

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துல்லியம் வேண்டாம், அளவு தெரிந்தால் போதும்.

வெள்ளைத் திரையின் பொலிவைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். இருளில் விரிந்த உங்கள் கண்மணி 7 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 38 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால், விழித்திரையில் விழும் ஒளியை அளக்கும் ட்ரோலண்ட் என்ற அலகில் 3,800. இரண்டு நொடிக்கு 7,600. எல்இடி வெள்ளையில் நீலம் அதிகம். குச்சிகளுக்கு அது உறைப்பதால் இரட்டித்து, 15,000 என்று கொள்ளலாம்.

குச்சி நிறமியில் மூன்றில் இரண்டு பங்கு வெளுக்க இதே அலகில் சுமார் ஒரு கோடி தேவை. 15,000-த்தை ஒரு கோடியால் வகுத்தால் 0.15 சதவீதம். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் மூலக்கூறுகள். வெயிலிலும் எல்இடி விளக்கிலும் இழந்தது இதைவிடப் பன்மடங்கு. அங்கே பட்டறையின் முன் கோடிக்கணக்கில் வரிசை நின்றது. இங்கே வரிசையே இல்லை. அதனால்தான் ஆறு நிமிடம். ‘ஒருமுறை வெளிச்சம் பட்டால் மறுபடி அரை மணி நேரம்’ என்பது முழு வெளிச்சத்துக்குச் சரி, எல்லா வெளிச்சத்துக்கும் இல்லை.

இராசேந்திரன் எழுதியது:

அம்மா, நான் ஒரு முரண்பாட்டைப் பார்க்கிறேன். ரஷ்டன் கணக்குப்படி 10 சதவீதம் வெளுத்திருந்தால் நூறு மடங்கு இழப்பு. அவர் வரைபடம் மடக்கை அளவில் நேர்கோடு என்றால் 5 சதவீதத்துக்குப் பத்து மடங்கு. அப்படியே கீழே இறங்கினால் 0.15 சதவீதத்துக்கு ஏழு சதவீத இழப்புதான் வரவேண்டும். ஏழு சதவீத இழப்பில் ஆண்ட்ரொமீடா மறையாது. இங்கேயோ மூன்று நிமிடம் சுத்தமாகக் காணவில்லை.

பவளமல்லி எழுதியது:

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர் எனக்கு ஒருவர்கூட இல்லை. நீங்கள் போட்ட கணக்கு சரி. நேர்கோடுதான் அங்கே செல்லாது. ரஷ்டனின் உறவு பெரிய அளவில் வெளுத்து மீளும்போது, பிற்பகுதிக்குப் பொருந்துகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வெளுக்கச்செய்து அளந்தவர்கள், அந்தக் கோடு சொல்வதைவிட எவ்வளவோ பெரிய இழப்பை முதல் சில நிமிடங்களில் கண்டிருக்கிறார்கள்.

காரணம் என்று நான் நினைப்பது இது. ஒளி பட்ட ரோடாப்சின் ஒரே தாவலில் வெற்று ஆப்சினாகிவிடுவதில்லை. முதலில் முழு வலுவோடு டிரான்ஸ்டியூசினைத் தட்டுகிறது. அதை அடக்க அரெஸ்டின் என்ற புரதம் வந்து மூடிபோல உட்கார்கிறது. மூடி போட்ட பிறகும், நீண்ட ரெட்டினால் முழுவதும் கழன்று வெளியேறும்வரை சில நிமிடங்கள் அது இடைநிலைகளில் நிற்கிறது. அந்த இடைநிலைகளின் முணுமுணுப்பு வெற்று ஆப்சினைவிட உரக்கக் கேட்பது இயல்பு. ஒன்றரை இலட்சம் பேர் என்றாலும் சத்தம் பெரிது. எந்த நிமிடத்தில் எந்த இடைநிலையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. லாம்பும் பியூவும் வெற்று ஆப்சினுக்கே பெரும்பங்கு தருகிறார்கள்; எனக்கு முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு அது போதுமென்று தோன்றவில்லை.

யாழ் வாசகன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்தான் பயன்படுத்துவோம். சிவப்பு கண்ணைக் கெடுக்காது என்பது உண்மையா, பழக்கமா?

பவளமல்லி எழுதியது:

உண்மை, ஆனால் அளவோடு. குச்சிகளின் உணர்திறன் 500 நானோமீட்டர் அருகே உச்சம். 650-ஐத் தாண்டிய ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டுதான். கூம்புகளுக்கோ அது தெரியும். 1916-இல் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானியர் இதை வைத்துத்தான் எக்ஸ்-ரே மருத்துவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி செய்தார். அக்காலத்து மங்கலான ஒளிர்திரையைப் பார்க்க அவர்கள் இருட்டறையில் வெகு நேரம் உட்கார வேண்டியிருந்தது. சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் வெளிச்சத்தில் வேறு வேலை பார்த்தபடியே குச்சிகளைப் பழக்கிக்கொள்ளலாம்.

மெல்லிய சிவப்புத் தாள் பச்சையையும் கொஞ்சம் கசியவிடும். தாளை நம்பிப் பிரகாசமான டார்ச்சை அடித்தால் பயனில்லை. மங்கலாக இருக்க வேண்டும், பிறகுதான் சிவப்பு.

வானோடி எழுதியது:

நேற்று மொட்டை மாடியில் ஒன்று செய்து பார்த்தேன். அரை மணி இருட்டில் இருந்துவிட்டு, இடக்கண்ணைக் கருப்புத் துணியால் இறுக மூடிக்கொண்டு, வலக்கண்ணால் மட்டும் போன் திரையை ஐந்து நொடி பார்த்தேன். துணியை எடுத்துக் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தபோது வலக்கண்ணுக்கு நீர்த்தொட்டியின் விளிம்பு தெரியவில்லை; இடக்கண்ணுக்குத் தொட்டியின் மேல் கிடந்த கயிறுகூடத் தெரிந்தது. ஒரே தலையில் இரண்டு இரவுகள்.

ஆனால் ஒன்று புரியவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால், இடக்கண்ணால் தனியாகப் பார்த்ததைவிடக் கயிறு மங்கலாகத்தான் இருந்தது. கெடாத கண் கெடாமல்தானே இருக்கிறது?

பவளமல்லி எழுதியது:

நல்ல சோதனை தம்பி. வெளுப்பதும் மீள்வதும் அந்தந்தக் கண்ணுக்குள்ளேயே, சொல்லப்போனால் திரையின் பிம்பம் விழுந்த இடத்துக்குள்ளேயே நடப்பவை. ஆனால் வலக்கண்ணின் பொய் வெளிச்சம் நரம்பு வழியே மூளைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. இரண்டு கண்ணின் செய்தியும் அங்கே கலக்கும்போது அந்தப் பனிமூட்டம் இடக்கண்ணின் கயிற்றின் மீதும் படிகிறது என்றே நினைக்கிறேன். அடுத்த முறை, வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் மட்டும் கயிற்றைப் பார்த்தபடி, எத்தனை நிமிடத்தில் இரண்டு கண்ணும் திறந்த பார்வை அதற்குச் சமமாகிறது என்று குறித்துவையுங்கள். போன் திரையின் பிரகாசத்தையும் எழுதிவையுங்கள்.

தென்றல் எழுதியது:

என் தம்பியும் இதைச் செய்து பார்க்க வேண்டுமென்கிறான். அவனுக்கு நிமிடக் கணக்கு போதாது. மாலையில் தொடங்கி நள்ளிரவுவரை குறித்து இங்கேயே பதிவிடுகிறேன்.